திசை சரி, ஆனால் பிரீமியம் எங்கே? வாராந்திர ஆப்ஷனில் பிரேக் அவுட் வாங்குபவருக்கான முழுமையான தீட்டா வழிகாட்டி

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பி முறையாகும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, நான் சொன்ன மாதிரியே நிஃப்டி உடைச்சு மேல போயிடுச்சு. வெள்ளிக்கிழமை வாங்கினதுல இருந்து 100 பாயின்ட் ஏறியிருக்கு. ஆனா 95 ரூபாய்க்கு வாங்கின கால் ஆப்ஷன் 20 ரூபாயில முடிஞ்சிருக்கு. புரோக்கர் ஆப்ல ஏதாவது தப்பா?"

ஆப்பில் தப்பு எதுவும் இல்லை. அவர் வாங்கியது திசையை மட்டும் அல்ல, ஒரு கெடுவோடு சேர்ந்த திசையை. இந்தக் கட்டுரை முழுக்க அவருடைய அந்த ஒரே டிரேடைத்தான் எடுத்துப் பிரிக்கப்போகிறேன். எண்களைப் புரியும்படி எளிமையாக்கியிருக்கிறேன்: வோலடிலிட்டி 12 சதவீதத்தில் நிற்கிறது, வட்டி இல்லை, வேலை நாட்களை மட்டும் எண்ணுகிறோம். சந்தை விலை இதிலிருந்து சில ரூபாய் தள்ளி நிற்கும், ஆனால் கதை மாறாது.

நிலவரம் இதுதான். நிஃப்டி 24,800க்கும் 25,000க்கும் நடுவே பல நாட்களாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளி காலை 25,000ஐ உடைத்து 25,020க்கு வந்தது. எக்ஸ்பைரி செவ்வாய். அதாவது வெள்ளி, திங்கள், செவ்வாய் என மூன்று சந்தை நாட்கள் கையில் இருக்கின்றன. அவர் 25,100 கால் ஆப்ஷனை 95 ரூபாய்க்கு வாங்கினார். எல்லை 200 புள்ளி அகலம் என்பதால், வழக்கமான கணக்குப்படி இலக்கு 25,200.

படி 1: அந்த 95 ரூபாய் எதற்குக் கொடுத்தது என்று பிரித்துப் பாருங்கள்

நிஃப்டி 25,020ல் இருக்கும்போது 25,100 காலுக்கு உள்ளார்ந்த மதிப்பு பூஜ்யம். 95 ரூபாயும் கால மதிப்புதான். செவ்வாய் மாலை 3.30க்கு அதில் ஒரு பைசாகூட மிஞ்சாது. நிஃப்டி 25,100க்கு மேல் எத்தனை புள்ளியில் முடிகிறதோ அத்தனை ரூபாய்தான் அப்போது கையில் வரும்.

எனவே வாங்கும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "இந்தப் பிரீமியத்தில் கரையக்கூடியது எவ்வளவு?" என்பது. இதே நேரத்தில் 24,800 காலின் விலை சுமார் 269 ரூபாய். அதில் 220 ரூபாய் உள்ளார்ந்த மதிப்பு, கரையக்கூடியது 49 மட்டும். பார்வைக்கு விலை அதிகம், கரைவது ஏறத்தாழ பாதி. 95 ரூபாய் கால் "சல்லிசாக" இருக்கிறது என்று வாங்குபவர், உண்மையில் நேரத்துக்கு அதிக வாடகை கொடுக்கிறார்.

படி 2: கரைவு ஒரே சீராக நடப்பதில்லை என்பதை எண்ணாகப் பாருங்கள்

தீட்டா என்பது, இண்டெக்ஸ் அசையாமல் ஒரு நாள் கழிந்தால் பிரீமியத்தில் குறையும் தொகை. நிஃப்டி 25,000லேயே நிற்கிறது, 25,000 ஸ்ட்ரைக் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்:

| மீதமுள்ள சந்தை நாட்கள் | காலின் விலை, ரூ. | அடுத்த ஒரு நாளில் கரைவது, ரூ. |
|---|---|---|
| 5 | 169 | 18 |
| 4 | 151 | 20 |
| 3 | 131 | 24 |
| 2 | 107 | 32 |
| 1 | 75 | 75 |

ஒரு இண்டெக்ஸ் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பது நாட்களின் எண்ணிக்கையோடு நேராக வளர்வதில்லை, அதன் வர்க்கமூலத்தோடு வளர்கிறது. அதனால்தான் நேரம் கால்வாசியாகும்போது விலை பாதியாகிறது. நான்கு நாளுக்கு 151, ஒரு நாளுக்கு 75. முதல் மூன்று நாட்கள் சேர்ந்து தின்றதை, கடைசி ஒரு நாள் தனியாகத் தின்றுவிடுகிறது.

பிரேக் அவுட் வாங்குபவர் பெரும்பாலும் சிக்குவது இந்த அட்டவணையின் கீழ்ப்பகுதியில்தான். காரணம், அங்கேதான் பிரீமியம் குறைவாகத் தெரிகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆப்ஷன் கால்குலேட்டர்கள் காட்டும் தீட்டா பெரும்பாலும் காலண்டர் நாள் கணக்கு. வெள்ளிக்கிழமை வாங்கும்போது சனி, ஞாயிறையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். "திங்கள் காலையில்தானே கரையும்" என்று நம்பவும் வேண்டாம். விற்பவர்கள் வார இறுதியை வெள்ளி மதியமே விலையில் கழிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

படி 3: ஒரு நாளைக்கு எத்தனை புள்ளி "வாடகை" என்று கணக்கிடுங்கள்

தீட்டாவை ரூபாயில் பார்த்துக்கொண்டே இருந்தால் அது சார்ட்டோடு ஒட்டாது. அதைப் புள்ளியாக மாற்ற வேண்டும்.

```
தீட்டா ÷ டெல்டா = ஒரு நாளில் தேவையான நகர்வு (புள்ளி)
```

நம் 25,100 காலின் டெல்டா சுமார் 0.40. இண்டெக்ஸ் ஒரு புள்ளி ஏறினால் கால் 40 பைசா ஏறும். வெள்ளி ஒரு நாளில் கரைவது சுமார் 23 ரூபாய். 23ஐ 0.40ஆல் வகுத்தால் 57, 58 புள்ளி வருகிறது. இண்டெக்ஸ் ஏற ஏற டெல்டாவும் கொஞ்சம் கூடும் என்பதால் முழுக் கணக்கில் 55 புள்ளி. அதாவது வெள்ளி மாலைக்குள் நிஃப்டி 25,075க்கு வந்திருந்தால்தான் நண்பரின் 95 ரூபாய் 95ஆகவே இருக்கும். லாபம் வர அல்ல, நஷ்டம் வராமலிருக்க!

இந்த 55 அதிகமா, குறைவா? இந்தியா விக்ஸை 16ஆல் வகுத்தால், சந்தை எதிர்பார்க்கும் ஒரு நாள் நகர்வு சதவீதத்தில் கிடைக்கும். விக்ஸும் நம் உதாரணத்தைப் போல 12 என்றால், அதை 16ஆல் வகுக்க 0.75 சதவீதம், 25,000ல் சுமார் 190 புள்ளி. ஒரு சாதாரண நாளின் அசைவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானதை, உங்கள் திசையிலேயே, தினமும், வாடகையாகக் கட்ட வேண்டும். உடைந்த வேகத்தில் ஓடும் நாளில் இது ஒன்றுமில்லை. உடைந்துவிட்டு மூச்சு வாங்கும் நாளில் இது முழு நஷ்டம்.

படி 4: அந்த வாடகையைச் சார்ட்டில் கோடாகப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கை ஒவ்வொரு நாளுக்கும் செய்தால், 95 ரூபாய் கால் 95லேயே நிற்கத் தேவையான இண்டெக்ஸ் நிலை கிடைக்கும்:

- வாங்கும்போது: 25,020
- வெள்ளி முடிவில்: 25,075
- திங்கள் முடிவில்: 25,136
- செவ்வாய் முடிவில்: 25,195

நிஃப்டி சார்ட்டைத் திறந்து, வாங்கிய கேண்டிலில் இருந்து 25,195 வரை சாய்வாக ஒரு டிரெண்ட் லைன் இழுங்கள். எக்ஸ்பைரி புள்ளி எளிது: ஸ்ட்ரைக் கூட்டல் பிரீமியம். நடுவில் உள்ள புள்ளிகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு முனையையும் நேர்கோட்டால் இணைத்தாலே போதுமான அளவுக்கு ஒத்துவரும்.

இப்போது பாருங்கள். ஸ்பாட் சார்ட்டில் பிரேக் அவுட்டின் எல்லை படுத்த கோடு, 25,000. அதற்கு மேல் இருக்கும்வரை "பிரேக் அவுட் உயிரோடு இருக்கிறது". ஆப்ஷன் வாங்கியவருக்கான எல்லை படுத்த கோடே அல்ல, மேல்நோக்கி ஏறும் கோடு. நிஃப்டி 25,000க்கு மேலேயே இருந்துகொண்டு, இந்தச் சாய்வுக் கோட்டுக்குக் கீழே நாள் முழுக்க நகரலாம். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், பிரீமியம் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். நண்பர் சிக்கியது இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள ஆப்பு வடிவ இடத்தில்தான்.

அவருடைய டிரேட் முடிந்த இடம் 25,120. அதே 25,120 வெள்ளி மதியமே வந்திருந்தால் காலின் விலை சுமார் 129. திங்கள் முடிவில் வந்திருந்தால் 86. செவ்வாய் முடிவில் வந்ததால் 20.

படி 5: இலக்கை விலையோடு சேர்த்து நேரத்தாலும் எழுதுங்கள்

சரி, 25,120 குறைவான நகர்வு என்று சொல்லலாம். முழு இலக்கான 25,200 வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

வெள்ளி மதியத்துக்குள் வந்தால் கால் 176. லாபம் 81 ரூபாய். திங்கள் முடிவில் வந்தால் 136, லாபம் 41. செவ்வாய் முடிவில் வந்தால் 100. லாபம் 5 ரூபாய், அதிலும் புரோக்கரேஜும் வரியும் போக மிஞ்சுவது சொற்பம். 180 புள்ளி ஓட்டத்தை முழுதாகச் சரியாகக் கணித்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இதே கணக்கு ரிஸ்க் பக்கமும் வரும். வாங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிரேக் அவுட் பொய்த்து 24,950க்கு விழுந்தால் கால் சுமார் 64க்கு வரும், நஷ்டம் 31. வேகமாக இலக்கு வந்தால் 31க்கு 81 என்ற நல்ல விகிதம். திங்கள் வந்தால் 31க்கு 41. செவ்வாய் வந்தால் 31க்கு 5. ஆக, "ரிஸ்க் ரிவார்ட்" என்று நோட்டில் எழுதும்போது பக்கத்திலேயே "எப்போதுக்குள்" என்றும் எழுதாவிட்டால் அந்த விகிதத்துக்கு அர்த்தமே இல்லை.

படி 6: ஸ்டாப் லாஸை பிரீமியத்தில் வைக்காதீர்கள்

நிறையப் பேர் "30 சதவீதம் குறைந்தால் வெளியேறுவேன்" என்று வைக்கிறார்கள். 95ல் 30 சதவீதம் போனால் சுமார் 66. நிஃப்டி 25,020லிருந்து ஓர் அங்குலம்கூட நகராமல் இருந்தாலே வெள்ளி முடிவில் கால் 71, திங்கள் நண்பகலில் 58. சார்ட்டில் எதுவுமே தப்பாகப் போகாமல் ஸ்டாப் அடிபடும். அதுவும் ஒரு நாளுக்கு மேல் வாடகை கொடுத்த பிறகு.

நான் இரண்டு ஸ்டாப்களைத் தனித்தனியாக வைக்கிறேன். ஒன்று இண்டெக்ஸ் நிலையில்: நம் உதாரணத்தில் 25,000க்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு 24,950. இன்னொன்று கடிகாரத்தில். 15 நிமிட சார்ட்டில் உடைந்த பிரேக் அவுட் என்றால், ஆறு கேண்டில்களுக்குள், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குள், சாய்வுக் கோட்டிலிருந்து தெளிவாக விலகி மேலே போயிருக்க வேண்டும். போகாவிட்டால் 25,000 உடையாமலிருந்தாலும் வெளியே வந்துவிடுவேன். ஆறு என்பது என் பழக்கம், சட்டமில்லை. ஆனால் அந்த எண்ணை வாங்கும் முன்பே எழுதிவைப்பது கட்டாயம். வாங்கிய பிறகு மனம் "இன்னும் ஒரு கேண்டில், இன்னும் ஒரு கேண்டில்" என்றுதான் சொல்லும்.

என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: 10.20க்கு வாங்கினேன், 11.50க்கு இண்டெக்ஸ் நான் வாங்கிய அதே இடத்தில் நின்றது, பிரீமியம் 6 ரூபாய் குறைந்திருந்தது. அந்த 6 ரூபாயோடு வெளியே வராமல் மதியம் 3 மணிவரை உட்கார்ந்திருந்தேன், 22 ரூபாய் போனது. அன்றைக்கு நஷ்டம் 6 ரூபாயாக இருந்திருக்க வேண்டும் என்பது இன்னும் உறுத்துகிறது.

படி 7: ரீடெஸ்ட் வரும் என்று எதிர்பார்த்தால், அதற்கு முன் வாங்காதீர்கள்

பிரேக் அவுட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், உடைத்த விலை பல நேரம் உடைந்த இடத்துக்கே திரும்பி வந்து தொட்டுவிட்டுத்தான் ஓடும். பங்கை வாங்கி வைத்தவருக்கு இந்தப் பொறுமை இலவசம். மூன்று நாள் கால் ஆப்ஷனை வாங்கியவருக்கு இது விலையுள்ள பொறுமை.

நிஃப்டி வெள்ளி மதியம் 25,060 தொட்டுவிட்டு, மாலை 25,010க்குத் திரும்பி வந்து முடிந்தது என்று வைப்போம். 25,000 உடையவில்லை, அழகான ரீடெஸ்ட். அப்போது அந்தக் கால் சுமார் 68 ரூபாய்க்குக் கிடைக்கும். திங்கள் அது 25,200க்கு ஓடினால் இருவருக்கும் விற்பனை விலை அதே 136. காலையில் வாங்கியவருக்கு 41 லாபம், ரீடெஸ்டில் வாங்கியவருக்கு 68. இருவருடைய கணிப்பும் ஒன்றுதான், பந்தயத்தில் நுழைந்த நேரம்தான் வேறு. (வார இறுதி கேப் ஆபத்து இருவருக்கும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.)

ரீடெஸ்டே வராமல் ஓடிவிட்டால்? அந்த ஓட்டம் நமக்கில்லை. அதை ஏற்றுக்கொள்ளும் மனம் இல்லாதவர்கள், அடுத்த படியில் சொல்லும் வேறு கருவிகளைப் பார்க்கலாம்.

படி 8: உங்கள் கணிப்பில் வேகம் இல்லையென்றால் கருவியை மாற்றுங்கள்

திசை தெரிகிறது, இலக்கு தெரிகிறது, எப்போது என்பது தெரியவில்லை. பெரும்பாலான பிரேக் அவுட் கணிப்புகள் நேர்மையாகப் பார்த்தால் இந்த ரகம்தான். அதற்கு இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, அடுத்த வார எக்ஸ்பைரி. எட்டு சந்தை நாள் மீதமுள்ள அதே 25,100 கால் சுமார் 176 ரூபாய். தினக் கரைவு 14 ரூபாய், வாடகை 55 புள்ளியிலிருந்து சுமார் 31 புள்ளியாகக் குறைகிறது. வெள்ளி மதியமே 25,200 வந்தால் லாபம் 84 ரூபாய், இந்த வாரக் காலுக்குக் கிடைத்த 81ஐவிடக் குறைவில்லை. திங்கள் வந்தால் 63, இந்த வாரக் காலுக்கு 41. திங்கள்வரை 25,020லேயே நின்றால் நஷ்டம் 28, இந்த வாரக் காலுக்கு 53. பணம் இரட்டிப்பாகப் போடவேண்டும் என்பதுதான் தடை, அதற்கு லாட் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் போதும். சதவீத லாபம் குறையும், ஆனால் தாமதம் உங்களைக் கொல்லாது.

இரண்டாவது, கால் ஸ்பிரெட். 25,100 காலை 95க்கு வாங்கி, இலக்கான 25,200 காலை 60க்கு விற்றால், கையிலிருந்து போவது 35 ரூபாய். நீங்கள் விற்ற காலும் கரைகிறது, அந்தக் கரைவு உங்களுக்கு வருமானம். செவ்வாய் மாலை நிஃப்டி 25,200ல் முடிந்தால் ஸ்பிரெட்டின் மதிப்பு 100, லாபம் 65. தனிக் கால் வாங்கியவருக்கு 5 ரூபாய் கிடைத்த அதே இடம். திங்கள்வரை ஒன்றும் நடக்காவிட்டால் நஷ்டம் சுமார் 10 ரூபாய்தான். ஆனால் வெள்ளி மதியமே இலக்கு வந்தால் இதில் 22 ரூபாய்தான் லாபம், தனிக் காலில் 81. மார்ஜின் பணமும் தனியாக வேண்டும், 25,200க்கு மேல் எவ்வளவு ஓடினாலும் உங்களுக்குப் பங்கில்லை.

எனவே கேள்வி "எது நல்லது" என்பதல்ல. உங்கள் கணிப்பு "இன்றைக்கே" என்றால் தனிக் கால். "இந்த வாரத்துக்குள்" என்றால் ஸ்பிரெட். "சீக்கிரம்" என்று மட்டும் சொல்லத் தெரிந்தால் அடுத்த வாரம்.

கூடவே வரும் இன்னொரு கரைவு

மேலே எல்லாக் கணக்கிலும் வோலடிலிட்டி 12லேயே நின்றது. நிஃப்டி மேல்நோக்கி உடைக்கும்போது இந்தியா விக்ஸ் பெரும்பாலும் இறங்கும். நம் காலில் வோலடிலிட்டி 12லிருந்து 11க்கு வந்தால் மட்டும் பத்து ரூபாய்க்கு மேல் குறையும், அது 25 புள்ளி ஓட்டத்துக்குச் சமம். கீழ்நோக்கி உடையும்போது புட் வாங்கியவருக்கு இது எதிர்மாறாக, உதவியாக வரும். பட்ஜெட், ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்பு போன்றவற்றுக்கு முன் வாங்கினால் அறிவிப்பு முடிந்த சில நிமிடங்களில் இந்த இறக்கம் ஒரே அடியாக நடக்கும். பிரீமியம் இறங்குவதற்குக் காரணம் தீட்டாவா, விக்ஸா என்று பார்க்க ஒரு எளிய வழி: அதே ஸ்ட்ரைக்கின் அடுத்த வாரக் காலையும் பாருங்கள். இண்டெக்ஸ் அசையாதபோது இந்த வாரக் கால் மட்டும் இறங்கினால் அது நேரம். அடுத்த வாரக் கால் அதைவிட அதிக ரூபாய் இறங்கினால் அது விக்ஸ்.

எக்ஸ்பைரி நாளில் வாங்கினால்

எல்லாமே ஒரே நாளுக்குள் சுருங்கிவிடும். திங்கள் முடிவில் 75 ரூபாயில் இருந்த அட் த மணி கால், இண்டெக்ஸ் அசையாவிட்டால், செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு 48, இரண்டரைக்கு 30. அப்போது சாய்வுக் கோடு கிட்டத்தட்ட செங்குத்தாகிவிடும், கடிகார ஸ்டாப்பை மணியில் அல்ல நிமிடத்தில் வைக்க வேண்டும். இன்னொன்று: இறுதி செட்டில்மென்ட், திரையில் கடைசியாகத் தெரியும் விலையில் நடப்பதில்லை. இண்டெக்ஸின் முடிவு விலை கடைசி அரை மணி நேரச் சராசரியை வைத்து வருகிறது. 3.25க்கு வரும் திடீர் ஓட்டம் அந்தச் சராசரியில் கொஞ்சம்தான் சேரும்.

படி 9: நோட்டில் ஒரு பத்தி கூட்டுங்கள்

நண்பரிடம் நான் செய்யச் சொன்னது இது. பழைய சார்ட்டில் பின்னோக்கிப் போய், தான் நம்பும் மாதிரி பிரேக் அவுட்கள் இருபதை எடுத்து, ஒவ்வொன்றும் இலக்கைத் தொட எத்தனை மணி நேரம் எடுத்தது என்று எழுதச் சொன்னேன். தொடாதவற்றையும் விடாமல். அவர் இரண்டு நாள் கழித்து அனுப்பிய தாளில் பதிமூன்று இலக்கைத் தொட்டிருந்தன, ஆனால் முதல் நாளிலேயே தொட்டவை நான்குதான். மற்ற ஒன்பதும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், சில அடுத்த வாரம். தாளின் கீழே அவரே பேனாவால் எழுதியிருந்தார்: "இதுக்கு வீக்லி வாங்கக்கூடாது அண்ணே. ஸ்பிரெட் எப்படிப் போடறதுன்னு சொல்லுங்க."